பெட்டியும் பில்லும் ஒரே படத்தில்

என் சித்தி மகன் எடுத்த அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கயிற்றுக் கட்டில். அதன்மேல் புதுச் செல்போன் பெட்டி, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் மேலே. பக்கத்தில் விரித்து வைத்த பில், பறக்காமல் இருக்க அதன்மேல் சார்ஜர். ஓரத்தில் சித்தியின் முறம் பாதி தெரியும். நல்ல வெளிச்சத்தில், எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்த படம். பிரச்சினையே அந்தப் பளிச்சுதான்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கேரளம். வீட்டிலும் கடையிலும் பேசுவது தமிழ். கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு, அதற்கப்பால் பொள்ளாச்சி. நான் இங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வரும் பில்களில் பாதி பாலக்காட்டுப் பக்கம், பாதி பொள்ளாச்சிப் பக்கம். ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்கினால் கேரளக் கடை, 33 என்றால் தமிழ்நாட்டுக் கடை. பல வருடமாகப் பார்த்துப் பார்த்து, அந்த இரண்டு இலக்கத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.

தம்பி தீபாவளிக்குப் பொள்ளாச்சியில் 16,999 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினான். வீட்டுக்கு வந்த கூட்டாளி ஒருவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் வேற மாதிரி இருக்குதே, டூப்ளிகேட்டா இருக்கும்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தம்பிக்குத் தூக்கம் போச்சு. செல்போன் பிரியர்கள் தொள்ளாயிரம் பேர் இருக்கும் ஒரு வாட்ஸாப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, "ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுங்க ப்ரோ" என்று கேட்டான். முகம் தெரிந்தவர் அதில் மூன்று பேர்கூட இல்லை. பதில் மட்டும் நிறைய வந்தது. பாதிப் பேர் ஒரிஜினல் என்றார்கள், நாலு பேர் ஃபேக் என்றார்கள், ஒருவர் தனியாக வந்து, "பில் கொஞ்சம் மங்கலா இருக்கு, கிட்டத்துல எடுத்து அனுப்புங்க" என்றார். அதையும் அனுப்பினான்.

நாலு நாள் கழித்து ஒரு போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் படத்துக்குள் என்னென்ன இருந்தது என்று பார்த்துவிடலாம்.

முதலில் பெட்டி ஸ்டிக்கர். அதில் மாடல், நிறம், விலை, தயாரித்த மாதம் எல்லாம் இருக்கும். அவையெல்லாம் ஒரே மாதிரி ஆயிரம் பெட்டியில் இருப்பவை, கவலையில்லை. உலகத்தில் அந்த ஒரு போனுக்கு மட்டும் சொந்தமானவை இரண்டு: கம்பெனி கொடுக்கும் வரிசை எண், அப்புறம் ஐஎம்இஐ எனும் 15 இலக்க எண். போன் செல்போன் டவரோடு பேசும்போது தன்னை அடையாளம் சொல்வது இந்த ஐஎம்இஐயை வைத்துத்தான். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும்.

தம்பி இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் இல்லை. "கடைசி ரெண்டு நம்பர வெரலு வெச்சு மறச்சுட்டுத்தானுங்கண்ணா போட்டோ எடுத்தேன்" என்றான். படத்திலும் அவன் கட்டைவிரல் இருக்கிறது. ஆனால் அந்த விரல் எதையும் மறைக்கவில்லை. ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள். மூன்றும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான்.

ஐஎம்இஐ 15 இலக்கமும் கண்டபடி கொடுத்த எண் இல்லை. முதல் 8 இலக்கம் எந்த மாடல் என்று சொல்லும். ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான போன்களுக்கு அது பொது. அடுத்த 6 இலக்கம்தான் உங்கள் போனின் தனி எண். கடைசி ஒன்று சோதனை இலக்கம், முன்னால் இருக்கும் 14-ஐ வைத்துக் கணக்குப் போட்டு எடுப்பது. தட்டச்சில் தப்பு வந்தால் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. விளக்கத்துக்காக வழக்கமாகக் காட்டும் ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம்: 49015420323751. இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்து இரண்டு இலக்கம் வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்க வேண்டும். 9 இரட்டித்தால் 18, கூட்டினால் 9. இப்படிச் செய்தவை 9, 2, 8, 0, 4, 5, 2, கூட்டினால் 30. தொடாமல் விட்டவை 4, 0, 5, 2, 3, 3, 5, கூட்டினால் 22. மொத்தம் 52. அடுத்த பத்தின் மடங்கு 60, அதற்கு 8 குறைகிறது. கடைசி இலக்கம் 8. முழு எண் 490154203237518.

கடைசி இலக்கத்தை மறைத்தால் பேப்பரும் பேனாவும் இருக்கிற யாரும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது இதில் தெரிகிறது. கடைசி மட்டுமில்லை, நடுவில் எந்த ஓர் இலக்கத்தை மறைத்தாலும் இதே கதைதான். மேலே உள்ள எண்ணில் 7-ஐ மறைத்துப் பாருங்கள். மீதி எல்லாம் கூட்டினால் 55 வரும். 60 ஆக 5 வேண்டும். இரட்டித்துக் கூட்டினால் 5 தரும் இலக்கம் 7 ஒன்றுதான். தம்பி மறைத்தது இரண்டு. அப்போது நூறு விடை இருக்கும் என்று தோன்றும். கணக்குக்குப் பொருந்துவது பத்தே பத்துதான்.

இரண்டாவது காரணம், அவன் விரல் இருந்தது முதல் ஐஎம்இஐ மேல் மட்டும். கீழே இரண்டாவது முழுசாகத் தெரிகிறது. பல மாடல்களில் இரண்டின் தனி எண்களும் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரிதான்.

மூன்றாவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். எண்ணுக்குப் பக்கத்தில் கோடு கோடாக ஒரு பார்கோடு இருக்கும். அது அழகுக்கு அடித்ததில்லை, அதே எண் மெஷின் படிக்கும்படி அச்சடித்தது. எழுத்தை மறைத்துவிட்டுப் பார்கோடை விட்டு வைப்பது, முன்கதவைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைப்பது மாதிரி. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்திலிருந்து பார்கோடு படிக்க ஓசி ஆப் ஒன்று போதும்.

சரி, ஐஎம்இஐ தெரிந்துவிட்டால் என்ன ஆகிவிடும்? இங்கே பயமுறுத்துகிற பேச்சு நிறைய நடக்கிறது. ஐஎம்இஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் உங்கள் போனுக்குள் நுழைய முடியாது, உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. போன் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கவும் முடியாது; அது டெலிகாம் கம்பெனி மூலமாகப் போலீஸ் செய்கிற வேலை. நடப்பது வேறு. திருட்டு போன், மட்டமான போலி போன் விற்கிறவர்களுக்குக் கணக்கில் சரியாக வரும், கருப்புப் பட்டியலில் இல்லாத, நல்ல எண்கள் தேவை. கண்ணுக்கு முன்னால் ஒருவர் புதுப் பெட்டியின் எண்ணைக் காட்டினால் அதைப் போலிப் பெட்டியில் அச்சடிக்கலாம், திருட்டு போனுக்குள்ளும் மாற்றி எழுதப் பார்க்கலாம். ஐஎம்இஐயை மாற்றி எழுதுவது 2023-ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று வருடம் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். அதற்காக யாரும் செய்யாமல் இல்லை. அந்த இரண்டாவது போன் எங்காவது மாட்டினால், முதல் கேள்வி எண்ணுக்குச் சொந்தக்காரரைத்தான் தேடி வரும்.

என் கடைக்கே ஒருமுறை ஒரு போன் வந்தது. பெட்டியில் ஓர் எண், போனைத் திறந்து *#06# அடித்தால் வேறு எண். கொண்டு வந்தவர் பாவம், பழைய போனை 9,000 ரூபாய்க்கு வாங்கியவர். விற்றவன் பில்லும் காட்டியிருக்கிறான், வாட்ஸாப்பில். யாரோ ஒருவரின் பில், யாரோ ஒருவரின் பெட்டி.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். எண் சரியாக இருந்தால் பொருள் ஒரிஜினல் என்று குழுவில் சொல்கிறார்களே, அதில் அர்த்தமே இல்லை. போலி செய்கிறவன் எண்ணைக் கற்பனையாகப் போடுவதில்லை, நிஜ எண்ணைப் பார்த்துத்தான் போடுகிறான். படத்தைப் பார்த்து அதிகபட்சம் சொல்ல முடிவது, ஸ்டிக்கரில் இருக்கும் எண் அந்த மாடலுக்கு உரியதா என்பது மட்டும். அதற்கு முதல் 8 இலக்கம் போதும். மீதி 7 இலக்கத்துக்கும் பார்க்கிறவருக்கும் சம்பந்தமே இல்லை.

இனி பில். என்னைக் கேட்டால் பெட்டியை விட பில்தான் ஆபத்து. பெட்டி போனைப் பற்றிப் பேசும், பில் உங்களைப் பற்றிப் பேசும்.

தம்பியின் பில்லில் அவன் பெயர், வீட்டுப் பெயரோடு முகவரி, செல் நம்பர் மூன்றும் இருந்தன. கடையின் பெயர், பில் எண், தேதி, நேரம் இருந்தன. கடைக்காரர் ஐஎம்இஐயையும் அதிலேயே அடித்திருந்தார், விரலால் மறைத்த இரண்டு இலக்கத்தோடு சேர்த்து. கீழே வரிக் கணக்கு: பொருளின் விலை 14,405 ரூபாய் 93 காசு, மத்திய ஜிஎஸ்டி 9 விழுக்காடு 1,296 ரூபாய் 53 காசு, மாநில ஜிஎஸ்டி அதே அளவு. அதற்கும் கீழே யுபிஐயில் பணம் கட்டியதற்கான குறிப்பு எண்.

இதெல்லாம் ரகசியமா என்று கேட்டால், தனித்தனியாக எதுவுமே பெரிய ரகசியமில்லை. செல் நம்பர் ஊருக்கே தெரியும். பில் எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்? ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், உங்களுக்கும் அந்தக் கடைக்கும் மட்டுமே தெரிந்த ஒரு சமாச்சாரம் வெளியாள் கையில் கிடைக்கிறது. இன்ன தேதியில் இன்ன கடையில் இன்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் செய்தால், அவர் கடைக்காரர் இல்லை என்று யாருக்குத் தோன்றும்?

அந்த நாலாம் நாள் போன் அப்படித்தான் வந்தது. நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார்கள். பெயரைச் சொல்லி, பில் எண்ணைச் சொல்லி, தொகையைச் சொல்லி, "உங்க முகவரி கேரளாவுல இருக்குதுங்க சார். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி தப்பாப் போட்டுட்டோம். அந்த 1,296 ரூபாய் 53 காசு உங்களுக்குத் திரும்ப வரணும். ஒரு கியூஆர் அனுப்புறோம், ஸ்கேன் பண்ணிப் பின் போட்டா அக்கவுன்ட்ல ஏறிடும்" என்றார்கள். தம்பி ஸ்கேன் செய்தும் விட்டான். பின் கேட்டது. அப்போது அவன் உட்கார்ந்திருந்தது என் கடை பெஞ்சில். "அண்ணா, பின் போட்டுட்டுங்களா?" என்று தலையை நிமிர்த்திக் கேட்டான். வாங்கிப் பார்த்தால் திரையில் பணம் செலுத்தும் பக்கம். தொகை 12,965.

இந்தக் கதையில் எனக்கு வியப்பாக இருந்தது அவர்களின் பொய்யில் இருந்த பாதி உண்மை. எல்லை ஊர்க்காரர்களுக்கு இது நன்றாக ஒட்டும். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு விதி இருக்கிறது: ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளரின் முகவரியைப் பில்லில் எழுதினால், அந்த முகவரி இருக்கும் மாநிலத்தையே விற்பனை நடந்த இடமாகக் கொள்ள வேண்டும். அந்த விதிப்படி கேரள முகவரி எழுதிய பில்லில் மத்திய, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று ஒன்றாகப் போட்டிருக்க வேண்டும். போனில் பேசியவர் சொன்ன குறை சரிதான். ஆனால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியும் செல்போனுக்கு 18 விழுக்காடுதான், 9-ம் 9-ம் கூட்டினாலும் 18-தான். வாங்கியவர் கையிலிருந்து போவது இரண்டு வழியிலும் 16,999 ரூபாய். திருப்பித் தர அதில் ஒன்றுமே இல்லை. எந்த அரசாங்கத்துக்கு எந்தத் தலைப்பில் போகிறது என்பது கடைக்காரரின் தலைவலி, அதை அவர் தன் கணக்கில் சரி செய்துகொள்வார். அப்புறம், யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குப் போடுவது. பணம் உள்ளே வருவதற்கு அந்தப் பின் நம்பரை எப்போதும் கேட்காது.

பில்லில் முகவரியும் வரியும் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை அவர்களால் கட்டியிருக்கவே முடியாது. வேறு படமாக இருந்தால் வேறு கதை வந்திருக்கும். வாரன்டி அட்டை மட்டும் காட்டியிருந்தால் வாரன்டியைப் பதிவு செய்ய ஓடிபி கேட்டிருப்பார்கள். யுபிஐ ரசீதை மட்டும் காட்டியிருந்தால் பணம் சிக்கிக்கொண்டது என்றிருப்பார்கள். யுபிஐ முகவரி பலருக்குச் செல் நம்பரிலேயே தொடங்கும் என்பதால் அந்த ரசீதில் நம்பர் இல்லை என்று நினைப்பதும் தப்பு.

சின்னதாகக் கடை வைத்திருக்கிற என் மாதிரி ஆட்களுக்குப் பில்லில் இன்னொன்று இருக்கிறது. நாங்கள் பொருள் வாங்கும்போது எங்கள் ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் ஏறும். அதுவும் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம் என்று சொன்னேன். அடுத்த பத்து என்னவென்று பலரும் கவனிப்பதில்லை. அது அப்படியே உங்கள் பான் எண். மாதிரிக்கு 32AAAPZ1234C1Z என்று தொடங்கும் ஓர் எண் இருந்தால், நடுவில் உள்ள AAAPZ1234C பான். அதில் நான்காவது எழுத்து P என்றால் அது கம்பெனி இல்லை, தனி மனிதர். ஜிஎஸ்டி எண் ஊருக்குத் தெரிய வேண்டியது, கடைப் பலகையிலேயே எழுத வேண்டியது. அதை ஒளிக்கச் சொல்லவில்லை. பான் எண்ணும் வீட்டு முகவரியும் செல் நம்பரும் நேற்று என்ன வாங்கினேன் என்பதும் ஒரே தாளில் சேர்ந்து முன்பின் தெரியாதவர் கைக்குப் போவதுதான் வேறு விஷயம்.

பழைய போன் வாங்குகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்கிறவர் உங்களை நம்பித் தன் பில்லை அனுப்புவார். நீங்கள் சந்தேகம் தீர்க்க அதை எங்கோ தள்ளிவிடுவீர்கள். பில்லில் இருப்பது உங்கள் நம்பர் இல்லை, அவருடையது. போன் வருவதும் அவருக்குத்தான். யார் கசியவிட்டார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

அப்படியானால் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? போனை ஆன் செய்து *#06# அடியுங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ, பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். பிறகு அந்த எண்ணை 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், இப்படி:

```
KYM 490154203237518
```

மாதிரி எண்ணுக்குப் பதிலாக உங்கள் 15 இலக்கத்தைப் போட வேண்டும், KYM-க்குப் பிறகு ஓர் இடைவெளி. இது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாடு. சஞ்சார் சாத்தி தளத்திலும் ஆப்பிலும் இதே வசதி உண்டு. பிராண்டும் மாடலும் எண்ணின் நிலையும் பதிலாக வரும். கருப்புப் பட்டியல், டூப்ளிகேட், ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் அந்தப் போனை வாங்கக் கூடாது. மாடல் பெயர் கையில் இருக்கும் போனோடு பொருந்தவில்லை என்றாலும் அப்படித்தான். ஒன்று மட்டும், சரி என்று பதில் வந்தால் போன் நல்லது என்பதற்கு முழு உத்தரவாதம் இல்லை. நேற்றுத் திருடி இன்னும் புகார் கொடுக்காத போனும், யாரும் இன்னும் கண்டுபிடிக்காத நகல் எண்ணும் சரி என்றே காட்டும். ஆனால் தொள்ளாயிரம் பேர் சேர்ந்து சொல்வதை விட இது மேல்.

பில் போலியா என்ற சந்தேகம் இருந்தால், கடையின் ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் வரி செலுத்துபவரைத் தேடும் இடத்தில் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழையக் கணக்கு எதுவும் தேவையில்லை. பதிவு செய்த பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். பில்லில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டால் முடிந்தது. போனுக்கு வாரன்டி எதுவரை என்பதைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாரிடமாவது படம் காட்டியே ஆக வேண்டும் என்றால், மறைக்கும் வேலையைப் படம் எடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். காகிதத் துண்டு கிழித்து எண் மேலும் பார்கோடு மேலும் கியூஆர் மேலும் வைத்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள். எடுத்த பிறகு மறைப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். போனில் இருக்கும் கருப்புப் பேனா என்று நினைத்து ஹைலைட்டரை எடுத்து நாலு தடவை தேய்ப்பார்கள். நம் கண்ணுக்குக் கருப்பு, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எண் தெரியும். மங்கலாக்கினாலும் கட்டம் கட்டமாக்கினாலும் அதேதான்: எண்களின் அச்சு எழுத்து தெரிந்தது, இருப்பது பத்தே இலக்கம். ஒவ்வோர் இலக்கத்தையும் அதே மாதிரி மங்கலாக்கிப் பொருத்திப் பார்த்தால் எது எது என்று எடுத்துவிடலாம். வெட்டி எடுத்தால் போதும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023-இல் பிக்சல் போன்களின் படத் திருத்தியில் ஒரு ஓட்டை வெளிவந்தது: வெட்டிச் சேமித்த படத்தின் கோப்புக்குள் வெட்டுப்பட்ட பகுதி அப்படியே கிடந்து, அதைத் திரும்ப எடுக்க முடிந்தது. சரி செய்துவிட்டார்கள், அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான். கடை பிடிஎஃப்பாகப் பில் அனுப்பியிருந்தால் அதன்மேல் கருப்புப் பெட்டி வரைவது இன்னும் மோசம். பெட்டிக்கு அடியில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் வந்துவிடும்.

வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரம் கோப்பிலிருந்து நீங்கிவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் நீங்காது. கேமராவில் இருப்பிடப் பதிவு ஆன் ஆகியிருந்தால் கயிற்றுக் கட்டில் எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் கூடவே போகும். "படம் மங்கலா இருக்கு, டாக்குமென்டா அனுப்புங்க" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் நான் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவேன்.

ஏற்கனவே அனுப்பிவிட்டவர்களுக்கு: குழுவில் எல்லாருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை இருக்கும், அழித்துவிடுங்கள். சேமித்து வைத்தவர் போனில் இருப்பது போகாது. போனை மாற்ற வேண்டாம், நம்பரையும் மாற்ற வேண்டாம். அந்தக் கடை, அந்தப் போன், அந்தப் பில் பற்றி யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, கடைக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். அவர்கள் கொடுத்த நம்பருக்கு இல்லை, கடைப் பலகையில் இருக்கும் நம்பருக்கு. அசல் பில்லைப் பத்திரமாக வையுங்கள். போன் தொலைந்தால் ஐஎம்இஐயை முடக்கச் சொல்லும்போது போலீஸ் புகாரோடு அதையும் கேட்பார்கள். எண்ணை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால், முதலில் வாங்கியவர் நீங்கள்தான் என்று காட்டவும் அதுதான் இருக்கிறது. பணம் போய்விட்டால் சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும், மறுநாள் வரை தள்ளக் கூடாது.

தம்பியின் பணம் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பைக்கில் வைத்துப் பொள்ளாச்சிக்கே கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து அதே மாடலில் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். புதுச் சரக்கில் சீல் மாறியிருந்தது, மூன்றும் ஒரே மாதிரிதான். பிறகு பில் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா? ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒருத்தர் இந்த நம்பர் சொல்லி, பில் தொலஞ்சு போச்சு, வாட்ஸாப்ல அனுப்புங்கன்னு கேட்டாருங்க. வேற செல் நம்பருக்கு அனுப்பச் சொன்னாரு. பில்லுல இருக்கற நம்பருக்குத்தான் அனுப்புவோம்னு சொன்னேன். அப்புறம் கூப்பிடவே இல்லை" என்றார்.